காய்ச்சல் இல்லாத ஃப்ளூ: பெரியவர்கள் திடீரென்று குழம்பிப்போவது ஏன்?

வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். சுட்டால் டாக்டர், சுடாவிட்டால் கஷாயம். சிறுவர்களுக்கும் நடுவயதுக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். எழுபதைத் தாண்டியவர்களிடம் இதை நம்ப முடியாது. ஃப்ளூ எனப்படும் இன்ஃபுளுயன்சா அவர்களைத் தாக்கும்போது உடம்பு சுடாமலே இருக்கலாம். இருமல்கூடப் பெயருக்குத்தான் இருக்கும். அதற்குப் பதிலாகப் பேச்சு தடம் மாறும். நாள் தவறும். எதிரே நிற்கும் மகளைப் பார்த்து யார் என்று கேட்பார்கள். அல்லது எதுவுமே கேட்காமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்கள்.

பல வீடுகளில் நடப்பதை ஒன்றாக்கி ஒரு வீட்டுக் கதையாகச் சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம், ஐப்பசி அடைமழை. பாட்டிக்கு வயது எழுபத்தொன்பது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மற்றபடி தெளிவானவர்; பால்காரர் கணக்கும் சீட்டுக் கணக்கும் அவர் வாயில்தான். பள்ளிக்கூடத்திலிருந்து பேரன் சளி, இருமலோடு வந்து மூன்று நாள் ஆகிறது. செவ்வாய்க்கிழமை காலையில் பாட்டி காபியைப் பாதியில் வைத்துவிட்டார். பகல் முழுதும் தூக்கம். மழைக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். புதன்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் மருமகளைப் பார்த்து, “திண்ணையில் மாமா வந்து உட்கார்ந்திருக்கிறார், காபி கொடு” என்றார். மாமா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. இரவில் இரண்டு முறை எழுந்து, வாசற்கதவின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டு நின்றார். அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 99.2 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. காய்ச்சல் இல்லை என்று எல்லோரும் ஆறுதலடைந்தார்கள்.

அந்த வீட்டில் அன்றிரவு மூன்று விளக்கங்கள் உலவின. வயதாகிவிட்டது, புத்தி பிசகுகிறது என்றார் மகன். மறதி நோய் ஆரம்பித்துவிட்டது என்றாள் கைப்பேசியில் படித்த பேத்தி. இறந்தவர் வந்து அழைக்கிறார், இனி நாள் எண்ண வேண்டியதுதான் என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். மூன்றில் எதை நம்பினாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டியதுதான் என்ற முடிவுக்கே வந்து சேருவார்கள். இந்தத் தவறின் ஆபத்து அதில்தான் இருக்கிறது. பாட்டிக்கு வந்திருந்தது ஃப்ளூ, அதனால் ஏற்பட்ட டெலிரியம் என்னும் திடீர் மனக்குழப்பம். இரண்டுக்குமே செய்ய வேண்டியவை உண்டு. அதுவும் மணிக்கணக்கில், சீக்கிரமாக.

உடம்பு ஏன் சுடவில்லை?

காய்ச்சல் என்பதைக் கிருமி நேராக உண்டாக்குவதில்லை. கிருமியைக் கண்ட நோய் எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் என்ற ரசாயனத் தூதுகளை ரத்தத்தில் விடுகின்றன. அந்தத் தூது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸை எட்டியதும், உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்ற அளவை அது உயர்த்துகிறது. உடனே தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி வெப்பத்தை உள்ளே பிடித்துவைக்கின்றன; தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. நமக்குக் குளிர்கிறது, போர்த்திக்கொள்கிறோம், உடம்பு கொதிக்கிறது.

முதுமையில் இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தளர்ந்துபோகிறது. எதிர்ப்பு அணுக்கள் மெதுவாக விழித்துக்கொள்கின்றன. நடுங்குவதற்கு வேண்டிய தசை குறைந்திருக்கிறது. தோலின் ரத்தக்குழாய்கள் முன்போல் இறுகுவதில்லை. போதாததற்கு, முழங்கால் வலிக்காகத் தினமும் பாராசிட்டமால் சாப்பிடுபவர்களும், மூட்டுவாதத்துக்கோ இளைப்புக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் உண்டு. காய்ச்சலை அந்த மருந்துகளே அமுக்கிவிடும். கடுமையான தொற்று உள்ள முதியவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை காய்ச்சல் மங்கியோ இல்லாமலோ வருவதாக முதியோர் மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. வயதானவர்களின் சாதாரண வெப்பநிலையே சற்றுக் குறைவு. நம் பாட்டிக்கு நல்ல நாளில் 97 டிகிரிதான் இருக்கும். அப்படியென்றால் 99.2 என்பது அவருக்கு இரண்டு டிகிரிக்கும் மேல் ஏற்றம். முதியோர் இல்லங்களுக்காக அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் வகுத்த அளவுகோலின்படி, வழக்கமான வெப்பநிலையைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினாலே காய்ச்சலாகக் கொள்ள வேண்டும். வாயில் வைத்துப் பார்க்கும்போது ஒரே முறை 100ஐத் தாண்டினாலும், பல முறை 99ஐத் தாண்டினாலும் அப்படியே. அக்குளில் எடுக்கும் அளவு வாயில் எடுப்பதைவிடக் குறைவாகவே காட்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்த வீட்டுத் தெர்மாமீட்டர் பொய் சொல்லவில்லை என்பது புரியும். அதைப் படித்தவர்கள்தான் இளவயதுக்காரர்களின் அளவுகோலை வைத்துப் படித்தார்கள்.

ஆகவே, பெரியவர் நன்றாக இருக்கும் நாட்களில், காலையில் ஒன்றிரண்டு முறை வெப்பநிலை பார்த்து மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. பத்து பைசா செலவில்லாத வேலை. நோய் வந்த நாளில் ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கும்.

மூளை ஏன் முதலில் தடுமாறுகிறது?

ஜன்னி கண்டால் பிதற்றுவார்கள் என்று நமக்குத் தெரியும். காய்ச்சல் கொதித்து மூளைக்கு ஏறினால்தான் பிதற்றல் வரும் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். முதியவர்களில் அப்படியில்லை. குழப்பத்துக்குச் சூடு தேவையில்லை. ஃப்ளூ வைரஸ் மூளைக்குள் நுழையவும் தேவையில்லை. பெரும்பாலும் அது மூச்சுக்குழாயிலும் நுரையீரலிலும்தான் இருக்கும்.

மின்னழுத்தம் குறைந்த ஊர்களில் சமையலறையில் மிக்சியைப் போட்டால் கூடத்தில் டியூப்லைட் மினுக்கும். டியூப்லைட்டில் பழுதில்லை, கையிருப்பு போதவில்லை. வயதான மூளையும் அப்படித்தான். அன்றாட வேலைக்குப் போதுமான தெம்பு அதற்கு இருக்கும், மிச்சம் இருக்காது. உடம்பின் வேறோர் இடத்தில் நோய் வந்தால் அதன் அடையாளம் மூளையில் தெரிகிறது.

எப்படி என்றால், சைட்டோகைன்கள் மூளையின் காவல் அணுக்களையும் உசுப்பிவிடுகின்றன. முதுமையில் அந்த அணுக்கள் ஏற்கெனவே சற்றுச் சூடேறிய நிலையில் இருப்பதால், சிறு தூண்டலுக்கும் அதிகமாகக் கொந்தளிக்கின்றன. கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்த உதவும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் போதாமல் போகிறது. அதனால்தான் டெலிரியத்தின் அடிப்படைக் குறை மறதி அல்ல, கவனம் நிற்காமை. கேள்வி காதில் விழும், பதில் பாதியில் நழுவிவிடும்.

இதன் மேல் மற்றவை வந்து சேருகின்றன. தாகம் மங்கிப்போன உடம்பு தண்ணீர் கேட்பதில்லை. இரண்டு நாளில் நீர் வற்றிவிடும். நுரையீரலில் சளி கட்டினால் பிராணவாயு குறையும். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடலாம். சோடியம் குறைவது ஒன்றே போதும், மனிதரைக் குழப்ப. சர்க்கரை நோயாளிகள் சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் விடாமல் போட்டுக்கொள்வார்கள். கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ வெறும் வயிற்றில் சர்க்கரையை அதல பாதாளத்துக்கு இறக்கிவிடும். நம் பாட்டிக்கு நடந்ததில் இதுவும் ஒன்று. குழப்பத்துக்குக் காரணம் ஒன்றாக இருப்பது அபூர்வம். நான்கைந்து சிறு காரணங்கள் ஒன்றாகக் கூடியிருக்கும்.

கோவிட் காலத்தில் இது பெரிய அளவில் பதிவானது. அமெரிக்க மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கோவிடுடன் வந்த 65 வயதுக்கு மேற்பட்ட 817 பேரைப் பற்றிய ஆய்வு 2020இல் வெளியானது. அவர்களில் 28 சதவீதம் பேருக்கு டெலிரியம் இருந்தது. டெலிரியம் இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ போன்ற வழக்கமான அறிகுறிகள் இல்லை. வைரஸ் வேறு; ஆனால் வயதான உடம்பு நோயை அறிவிக்கும் விதம் ஒன்றுதான்.

குழப்பத்தை அடையாளம் காண்பது

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. நேற்று முன்தினம் இவர் இப்படி இருந்தாரா? டெலிரியம் சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில் வரும். மறதி நோய் என்னும் டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளரும். தீபாவளிக்கு முந்தின வாரம் சீட்டுக் கணக்குச் சொன்னவருக்குத் தீபாவளியன்று டிமென்ஷியா வந்துவிடாது.

அடுத்தது, ஏறி இறங்கும் தன்மை. காலையில் டாக்டர் வரும்போது “சௌக்கியமாக இருக்கிறேன், காபி சாப்பிட்டேன்” என்று தெளிவாகப் பேசுவார். பொழுது சாய்ந்ததும் ஆளே மாறிவிடுவார். டாக்டர் பார்த்தது காலை முகத்தை மட்டும்தான். இதனால் குடும்பத்தாரின் சாட்சி மருத்துவருக்கு மிகவும் தேவை. பரிசோதனைக் குழாயில் தெரியாத ஒன்றை மருமகளால் சொல்ல முடியும்.

கவனம் நிற்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன் என்று. மருத்துவமனையில் மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார்கள். அதிகம் படிக்காதவர்களுக்குக் கிழமைகளே பொருத்தம். நேற்றுவரை சொல்லக்கூடியவர் இன்று இரண்டு கிழமை சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தால் அது பெரிய செய்தி. இதைப் பரீட்சையாக நடத்தி அவரை அவமானப்படுத்திவிடாமல் பேச்சுவாக்கில் கேட்க வேண்டும்.

குழப்பம் என்றதும் கூச்சலிடுபவர், எழுந்து ஓடுபவர், மருந்தைத் துப்புபவர்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களை யாரும் தவறவிடுவதில்லை, வீடே விழித்திருக்கும். தவறிப்போவது அமைதியான வகை. முதியவர்களில் இதுவே அதிகம். பெரியவர் தொந்தரவே கொடுக்க மாட்டார். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து ‘ம்’ என்பார், மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். வாயில் வைத்த இட்லித் துண்டு மெல்லப்படாமல் அங்கேயே இருக்கும். “அப்பா நன்றாக ஓய்வெடுக்கிறார்” என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். இந்த வகையில் நோய் கண்டுபிடிக்கப்படுவது தாமதமாவதால் ஆபத்தும் கூடுதல்.

ஏற்கெனவே டிமென்ஷியா உள்ளவர்களுக்கு டெலிரியம் இன்னும் எளிதாக வரும். அவர்களிடம் அடையாளம் காண்பதுதான் சிரமம். அவர் வழக்கமாகக் குழம்பும் அளவு எது, இன்றைய அளவு எது என்பதைக் கூடவே இருப்பவர் மட்டுமே பிரித்துச் சொல்ல முடியும். கையால் எடுத்துச் சாப்பிட்டவர் இன்று சாப்பிடவில்லை, நடந்தவர் இன்று கால் ஊன்ற மறுக்கிறார், திடீரென்று படுக்கையில் சிறுநீர் போகிறது என்பவையும் இதே கணக்கில் சேரும். காரணம் தெரியாமல் விழுவதும் அப்படித்தான்.

ஓர் எச்சரிக்கை. திடீர்க் குழப்பம் எல்லாமே ஃப்ளூ ஆகிவிடாது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, புதிய மாத்திரை, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, சத்தமில்லாத மாரடைப்பு எல்லாமே இதே முகத்தோடு வரும். வீட்டில் யாருக்கோ சளி இருந்தது, ஊரில் ஃப்ளூ பரவுகிறது, லேசான இருமலோ தொண்டைக் கரகரப்போ இருக்கிறது என்றால் ஃப்ளூ என்ற சந்தேகம் வலுக்கிறது. சென்னை உள்ளிட்ட தமிழகப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழைக் காலம் ஃப்ளூ ஏறும் காலம் என்பதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தச் சந்தேகத்தைக் கையிலேயே வைத்திருப்பது நல்லது. உறுதி செய்வது மருத்துவரின் வேலை. சந்தேகப்படுவது மட்டும்தான் நம் வேலை.

முதல் சில மணி நேரம்

முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். தலையில் அடிபட்டிருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் கீழே விழுந்திருந்தாலும் இதே அவசரம்தான். அந்த நிலையில் வேறு எதையும் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். எழுப்பினாலும் எழாதவர், மூச்சு வாங்குபவர், உதடும் நகமும் நீலம் பாய்ந்தவர், வலிப்பு வந்தவர் ஆகியோருக்கும் இதுவே.

அப்படி இல்லையென்றால் சில நிமிடங்களில் மூன்று காரியங்கள் செய்துவிடலாம். சர்க்கரை நோயாளி என்றால் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, அவர் விழித்திருந்து விழுங்கவும் முடிந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். விழுங்க முடியாத அளவு மயக்கம் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நேரே நுரையீரலுக்குப் போய்விடும். அடுத்து, மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது முதியவர்களிடம் சரியாக வராது, அவர்களின் மூச்சு ஒழுங்கில்லாமல் போகும். ஓய்வாகப் படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 24ஐத் தாண்டினால் நுரையீரல் திணறுகிறது என்று பொருள். வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் விரலைத் துடைத்து, சூடாக்கி, ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். 94க்குக் கீழே போனால் அன்றே மருத்துவமனை. 90ஐ நெருங்கினால் உடனே.

பாட்டியின் வீட்டில் வியாழன் விடியற்காலையில்தான் இதெல்லாம் நடந்தது. சர்க்கரை 64. மூச்சு நிமிடத்துக்கு 26. ஆக்சிமீட்டர் 92. தெர்மாமீட்டர் அப்போதும் 100ஐத் தொடவில்லை.

இந்த எண்கள் எல்லாம் நன்றாக இருந்தாலும் திடீர்க் குழப்பம் ஒன்றே அன்றைக்கு டாக்டரிடம் போவதற்குப் போதுமான காரணம். இது என் அபிப்பிராயம் மட்டுமல்ல. பருவகால இன்ஃபுளுயன்சா நோயாளிகளை இந்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் ஏ, பி, சி என்று பிரிக்கிறது. 65 வயதைக் கடந்தவர் அறிகுறி லேசாக இருந்தாலும் பி பிரிவில் வருவார். பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் இறங்குதல், அசாதாரணத் தூக்கக் கலக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் சி பிரிவு. அதாவது உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவர். நாம் ‘நல்ல ஓய்வு’ என்று நினைத்த அதே தூக்கம்தான் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அவசரத்துக்குக் காரணம் மருந்தின் தன்மை. ஃப்ளூவுக்குத் தரும் ஓசெல்டாமிவிர், வைரஸ் பெருகிப் பரவுவதைத் தடுக்கிறது. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். மருத்துவமனையில் சேர்க்கும் அளவு நோய் முற்றியவர்களுக்கு அதன் பிறகும் கொடுக்கிறார்கள். வழக்கமான அளவு 75 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, ஐந்து நாள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்பதால், போன வருடம் மிச்சமான மாத்திரையை எடுத்துக் கொடுக்கிற விஷயம் இதுவல்ல. மேலும் நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது என்பதில் வீட்டார் தவறிவிடுகிறார்கள். இருமல் தொடங்கிய நேரத்தைச் சொல்வார்கள். பாட்டியின் நோய் தொடங்கியது காபியைப் பாதியில் வைத்த செவ்வாய்க்கிழமை காலையில்.

டாக்டரிடம் “பாட்டி கொஞ்சம் தளர்ச்சியாக இருக்கிறார்” என்று மட்டும் சொல்லாதீர்கள். முதியவரைப் பற்றி அப்படிச் சொன்னால் ஒரு டானிக் எழுதிக்கொடுத்து அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. “திங்கட்கிழமைவரை பால் கணக்கு பார்த்தார், புதன் மாலையிலிருந்து மருமகளை அடையாளம் தெரியவில்லை, இறந்தவரைப் பார்ப்பதாகச் சொல்கிறார், பேரனுக்குச் சளி, இருமல், வழக்கமான வெப்பநிலை 97, இப்போது 99.2” என்று சொல்லுங்கள். சாப்பிடுகிற மாத்திரைகளை எல்லாம் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். நாட்டு மருந்து, தூக்க மாத்திரை, தெரு முனை மருந்துக்கடையில் வாங்கியது என்று எதையும் விட்டுவிடாமல்.

மருந்துக்கடை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். சளிக்கு என்று கேட்டால் அங்கே எடுத்துக் கொடுக்கும் மாத்திரைகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமின் இருக்கிறது. சில இருமல் சிரப்புகளில் டைஃபென்ஹைட்ரமின். நமக்கு அவை மூக்கொழுக்கை நிறுத்தி நன்றாகத் தூங்கவைக்கும். முதியவர்களின் மூளையில் ஏற்கெனவே போதாமல் இருக்கும் அசிடைல்கோலினை அவை மேலும் தடுக்கின்றன. லேசான குழப்பம் ஒரே இரவில் முழுக் குழப்பமாகிவிடும், சிறுநீரும் அடைத்துக்கொள்ளும். பாட்டிக்குப் புதன் இரவு ஒன்று கொடுத்திருந்தார்கள், நல்லெண்ணத்தில்தான். இரவில் எழுந்து நடமாடுகிறார் என்று தூக்க மாத்திரை கொடுப்பதும் இதே வகைத் தவறு.

பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடியது

பாட்டியை மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூக்கில் பஞ்சு விட்டு எடுத்த மாதிரியில் இன்ஃபுளுயன்சா ஏ உறுதியானது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழே ஒரு மூட்டம். சோடியம் 126, சாதாரணமாக 135க்கு மேல் இருக்க வேண்டியது. ஆக்சிஜன், ஓசெல்டாமிவிர், சேர்ந்துகொண்ட பாக்டீரியாத் தொற்றுக்கு மருந்து, சோடியத்தை மெல்ல மெல்ல ஏற்றுவது என்று சிகிச்சை போயிற்று. டெலிரியத்துக்கென்று தனி மாத்திரை இல்லை. அடியிலுள்ள காரணத்தைச் சரிசெய்வதும், மூளை தன் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க உதவுவதும்தான் மருத்துவம். இரண்டாவது பாதி பெரும்பாலும் குடும்பத்தின் கையில் இருக்கிறது. நல்ல செவிலியரைவிட மகள் இதை நன்றாகச் செய்வாள்.

முதல் காரியம், கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல் செட்டு மூன்றும் மருத்துவமனைக்கு வந்துசேர வேண்டும். தொலைந்துவிடும் என்று அவற்றைப் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு வருகிறோம். பார்வையும் செவியும் மங்கிய மூளை, கொடியில் தொங்கும் துண்டை ஆளாகப் பார்க்கும். பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும். இரவில் மங்கலான ஒரு விளக்கு எரியட்டும். கூட்டமாகப் போய்ச் சுற்றி நின்று “என்னைத் தெரிகிறதா, நான் யார் சொல்லுங்கள்” என்று ஆளாளுக்குக் கேட்பதைத் தவிர்க்க வேண்டும். நோயாளிக்கு அது விசாரணைக் கூண்டு. ஒரே ஆள், பழகிய குரல், “அம்மா, நான் செல்வி. மணி ஆறு ஆகிறது. காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்” என்று தானே சொல்லிவிடுவது நல்லது.

மாமா வந்திருக்கிறார் என்றால் என்ன சொல்வது? அவர் செத்துப் பதினோரு வருடம் ஆயிற்று என்று வாதாடினால் அவருக்கு அது புதிய சாவுச் செய்தி. ஆமாம், உட்கார்ந்திருக்கிறார் என்று ஒத்து ஊதவும் வேண்டாம். “மாமாவை நினைத்துக்கொண்டீர்களா? நான் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறேன்” என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு, பேச்சை ஒரு வாய்த் தண்ணீருக்குத் திருப்பிவிடலாம்.

தண்ணீரும் கஞ்சியும் நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுகச் சிறுக, ஒவ்வொரு வாயும் இறங்கிவிட்டதா என்று பார்த்துத்தான். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ நீர் அளவு விதித்திருந்தால் எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கையைக் கட்டிலோடு கட்டிவைப்பது குழப்பத்தையும் பயத்தையும் கூட்டும். குழாயைப் பிடுங்குகிறார் என்றால் பக்கத்தில் ஆள் இருப்பதுதான் வழி. எழுந்து நடக்க அனுமதி கிடைத்ததும் நடக்கவைக்க வேண்டும். படுக்கையிலேயே கிடந்தால் முதியவர்களின் தசை மிக வேகமாகக் கரைந்துவிடும். கூட இருப்பவர் முகக்கவசம் அணிந்து, கையை அடிக்கடி கழுவ வேண்டும். இருமிக்கொண்டிருக்கும் பேரனைப் பாட்டியைப் பார்க்க அழைத்து வர வேண்டாம்.

ஃப்ளூ ஐந்தாறு நாளில் அடங்கியது. குழப்பம் அதோடு போகவில்லை. காலைப்பொழுதுகள் முதலில் தெளிந்தன. மாலைகள் மேலும் இரண்டு வாரம் தடுமாறின. இதுவும் வழக்கமானதே. சிலருக்கு மாதங்கள்கூட ஆகும், சிலர் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. இந்த இடைக்காலத்தில் அவருடைய நினைவாற்றலைப் பரிசோதித்து ‘டிமென்ஷியா’ என்று முத்திரை குத்திவிடக் கூடாது. குழப்பம் அடங்கிச் சில மாதம் கழித்து ஒருமுறை நினைவாற்றலைச் சோதித்துக்கொள்வது அவசியம். டெலிரியம் வந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு கூடுதல், சிலருக்கு அதுவரை மறைந்திருந்த மறதி நோய் இப்படித்தான் முதன்முதலில் வெளியே தெரியும். வீடு திரும்பியதும் ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை அளவுகளை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நம் பாட்டிக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு கொடுத்தார்கள். சாப்பிடாத நாளில் எந்தச் சர்க்கரை மாத்திரையை விட வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார்கள்.

ஃப்ளூ தடுப்பூசி வருடம் ஒருமுறை, மழைக்காலம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்னால் போட வேண்டியது. அது பலன் தர இரண்டு வாரமாகும். பெரியவரோடு வீட்டிலுள்ள பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போட்டுக்கொண்டால் வைரஸ் உள்ளே வரும் வாசல் குறையும். ஊசி போட்டாலும் ஃப்ளூ வரலாம். பெரும்பாலும் கடுமை குறைவாக இருக்கும்.

கடைசியாக, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், வழக்கமான வெப்பநிலைக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: இன்ன மாதம் ஃப்ளூவில் டெலிரியம் வந்தது, இத்தனை நாள் நீடித்தது என்று. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது எளிது. அடுத்து கண்புரை அறுவை சிகிச்சையோ இடுப்பெலும்பு அறுவை சிகிச்சையோ என்று போய் நின்றால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு முதலில் காட்ட வேண்டிய வரி அதுதான்.